மூத்த பொறியாளரின் லிங்க்ட்இன் அறிமுகம்: தற்பெருமை தொனிக்காமல் தன்னம்பிக்கையோடு எழுதுவது எப்படி

பத்து, பன்னிரண்டு ஆண்டு அனுபவமுள்ள பொறியாளர்கள் லிங்க்ட்இன் புரொஃபைலில் அபௌட் பகுதியை நிரப்ப உட்கார்ந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒருசாரார் "தலைசிறந்த", "உலகத் தரம்", "நிபுணர்" என்று அடுக்குகிறார்கள். இன்னொரு சாரார் கூச்சப்பட்டு, "சில புராஜெக்ட்டுகளில் பங்கு பெற்றிருக்கிறேன்" என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். பார்க்க எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டிலும் உள்ள குறை ஒன்றுதான்: அந்தப் பொறியாளர் என்ன முடிவெடுத்தார், அதனால் எது மாறியது என்ற செய்தி எங்கும் இல்லை.

இந்தக் கட்டுரை அபௌட் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஏற்கெனவே ஒரு வரைவு வைத்திருப்பவர், அதை எப்படித் திருத்துவது என்று படிப்படியாகப் பார்க்கலாம். எடுத்துக்காட்டுகள் தமிழில் இருக்கின்றன. உங்கள் புரொஃபைல் ஆங்கிலத்தில் இருந்தாலும் செய்ய வேண்டிய வேலை இதேதான்.

முதலில் இடத்தின் அளவு

அபௌட் பகுதியில் 2,600 எழுத்துகள் வரை எழுதலாம். இடைவெளி, நிறுத்தக்குறி எல்லாம் அதில் சேரும். அவ்வளவையும் நிரப்பத் தேவையில்லை. மூத்த பொறியாளருக்கு 1,000 முதல் 1,400 எழுத்துகள் பொதுவாகப் போதும். அதைத் தாண்டினால் வேலை அனுபவப் பகுதியில் எழுத வேண்டியதை இங்கே கொட்டுகிறோம் என்று பொருள். அங்கே ஒவ்வொரு வேலைக்கும் தனியாக இடம் இருக்கிறது.

அளவைவிட முக்கியமானது வெட்டு விழும் இடம். புரொஃபைலைத் திறந்ததும் அபௌட் பகுதியின் முதல் சில வரிகள்தான் தெரியும்; மீதியைப் படிக்க `see more` என்பதை அழுத்த வேண்டும். எங்கே வெட்டு விழும் என்பது திரையின் அகலத்தைப் பொறுத்து மாறும், போனில் இன்னும் சீக்கிரமே விழும். அதனால் முதல் இரண்டு வாக்கியங்கள் மட்டும் படிக்கப்பட்டாலும் நீங்கள் யார், எந்த வகைச் சிக்கலைத் தீர்ப்பவர் என்பது தெரிந்துவிட வேண்டும். "வணக்கம், என் புரொஃபைலுக்கு வந்ததற்கு நன்றி" என்று தொடங்குபவர் அந்த இடத்தை வீணாக்குகிறார்.

படிப்பவர் யார் என்பதையும் மனத்தில் வையுங்கள். ரெக்ரூட்டர் சில நொடிகள் மேலோட்டமாகப் பார்ப்பார். தனக்குத் தேவையான துறையா, தேவையான அனுபவ நிலையா என்பதுதான் அவர் கேள்வி. ஆளெடுக்கும் மேனேஜரும், உங்களை இன்டர்வியூ செய்யப்போகும் இன்னொரு மூத்த பொறியாளரும் முழுவதும் படிப்பார்கள். தற்பெருமையை உடனே மோப்பம் பிடிப்பவர்கள் இந்த இரண்டாம் வகையினர். அவர்களும் அதே வேலையைச் செய்பவர்கள், எந்த வாக்கியம் வெற்று என்பது அவர்களுக்குத் தெரியும்.

எழுதுவதற்கு முன் தகவலைத் திரட்டுங்கள்

வாக்கியத்தை மெருகேற்றுவதில் தொடங்கினால் வேலை நடக்காது. கையில் தகவல் இல்லாதபோதுதான் அடைமொழிகள் வந்து உட்காருகின்றன. ஒரு மணி நேரம் ஒதுக்கி, கடந்த நான்கைந்து ஆண்டுகளில் செய்த வேலைகளில் இரண்டு அல்லது மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். பழைய டிசைன் டாக்குமென்ட்டுகள், பிரச்சினைக்குப் பிறகு எழுதிய ஆய்வறிக்கைகள், ஆண்டு மதிப்பீட்டுக்காக நீங்கள் எழுதிய சுயகுறிப்புகள், டேஷ்போர்டுகள் இவற்றைத் திறந்து பார்த்தால் மறந்துபோன எண்களும் காரணங்களும் கிடைக்கும்.

ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். முன்பு என்ன கெட்டுக் கிடந்தது? என்னென்ன வழிகள் கைவசம் இருந்தன? எதைத் தேர்ந்தெடுத்தீர்கள், ஏன்? பிறகு எது எவ்வளவு மாறியது? அதில் உங்கள் கையால் நடந்தது எது, மற்றவர் செய்தது எது? கடைசிக் கேள்வியைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் தன்னம்பிக்கைக்கும் தற்பெருமைக்கும் நடுவிலுள்ள கோடு அங்கேதான் இருக்கிறது. தன் பங்கைச் சரியாக அளந்து சொல்பவர் எவ்வளவு பெரிய வேலையைச் சொன்னாலும் அது பெருமையடிப்பதாகக் காதில் விழாது.

இனி ஒரு கற்பனைப் பொறியாளரை எடுத்துக்கொள்வோம். மொத்த அனுபவம் 12 ஆண்டு, அதில் கடைசி 7 ஆண்டு பேமென்ட் சிஸ்டங்களில். அவரையும் சேர்த்து ஆறு பேர் கொண்ட டீமுக்கு டெக் லீட். அவர் வைத்திருக்கும் வரைவு இது:

> 12 ஆண்டுகளுக்கும் மேலான வளமான அனுபவம் கொண்ட, தலைசிறந்த பேக்கெண்ட் நிபுணர். மிகச் சிக்கலான சிஸ்டங்களை உலகத் தரத்தில் கட்டமைப்பதில் வல்லவர். தனி ஆளாக பேமென்ட் தளத்தையே புரட்டிப்போட்டு, வேகத்தை 75% உயர்த்தி, நிறுவனத்துக்குப் பெரும் வருவாய் ஈட்டித் தந்தவர். இளம் பொறியாளர்களுக்கு உத்வேகமூட்டும் வழிகாட்டி. புதிய தொழில்நுட்பங்களில் தீராத ஆர்வம் உள்ளவர்.

அவரிடம் அந்த ஐந்து கேள்விகளையும் கேட்டால் கிடைக்கும் விவரம் வேறு மாதிரி இருக்கிறது. ஆன்லைன் விற்பனைத் தளம் ஒன்றில் வாடிக்கையாளர் "பணம் செலுத்து" என்று அழுத்தியதும், பணம் பிடிப்பதோடு சரக்குக் கணக்கைக் குறைப்பது, பில் தயாரிப்பது, மின்னஞ்சல் அனுப்புவது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. எல்லாம் முடியும்வரை வாடிக்கையாளர் காத்திருந்தார். நூறில் 99 கட்டணங்கள் முடிய 2.4 விநாடி வரை ஆனது. சிலர் பொறுமையிழந்து மறுபடி அழுத்த, ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை பணம் போனது.

முழு அப்ளிகேஷனையும் மைக்ரோசர்வீஸ்களாக உடைத்துவிடலாம் என்ற யோசனை டீமில் இருந்தது. இவர் அதை ஏற்கவில்லை. பணம் பிடிக்கும் பாதையை மட்டும் பிரித்து, மீதி வேலைகளை ஒரு கியூவில் போட்டு பின்னால் நடத்தினால் போதும் என்று சொல்லி, அதற்கான டிசைன் டாக்குமென்ட்டை எழுதினார். டீம் 14 மாதங்களில் அதை முடித்தது. அதே 99 சதவீதக் கட்டணங்கள் இப்போது 0.6 விநாடிக்குள் முடிகின்றன. இரட்டைக் கட்டணத்தைத் தடுத்தது வேறொருவர்: ஒவ்வொரு கட்டண முயற்சிக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் பழைய விடையையே திருப்பித் தரும் முறையை டீமிலிருந்த இன்னொரு பொறியாளர் வடிவமைத்தார். நம்மவர் அதை ரிவியூ செய்தார். டீமில் சேர்ந்தபோது புதியவர்களாக இருந்த இருவர் இப்போது டிசைன் ரிவியூவைத் தாங்களே நடத்துகிறார்கள். வருவாய் எவ்வளவு கூடியது என்று யாரும் தனியாகக் கணக்குப் பார்க்கவில்லை.

வரைவைவிட இந்த உண்மை எவ்வளவோ கனமானது. வரைவைப் படித்தால் அவர்மேல் சந்தேகம் வருகிறது, இதைப் படித்தால் மரியாதை வருகிறது.

வாக்கியம் வாக்கியமாகத் திருத்துவது

வரைவின் ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து ஒரே கேள்வி கேளுங்கள்: இது நடந்த செய்தியா, அல்லது என்னைப் பற்றி நானே கொடுத்த தீர்ப்பா? "தலைசிறந்த", "வல்லவர்", "உத்வேகமூட்டும்" மூன்றும் தீர்ப்புகள். தீர்ப்பு சொல்வது படிப்பவரின் வேலை. அதை நாமே சொல்லிவிட்டால், அவர் மறுத்துப் பார்க்கத் தொடங்குவார். செய்தியை வைத்தால் தீர்ப்புக்கு அவரே வந்து சேர்வார், அப்படி வந்து சேர்ந்த தீர்ப்பை அவர் எளிதில் விடவும் மாட்டார்.

"12 ஆண்டுகளுக்கும் மேலான வளமான அனுபவம்" என்பதில் உண்மையான தகவல் 12 என்ற எண் மட்டும். "வளமான" என்பதை எடுத்துவிடுங்கள். கூடவே, மொத்த ஆண்டைவிட ஒரே துறையில் இருந்த ஆண்டு அதிகம் பேசும். பேமென்ட் சிஸ்டங்களில் 7 ஆண்டு என்பது 12 ஆண்டு பேக்கெண்ட் என்பதைவிடக் குறிப்பானது.

"தனி ஆளாக புரட்டிப்போட்டு" என்பது இந்த வரைவின் மிக ஆபத்தான வாக்கியம், ஏனென்றால் அது பொய். ஆறு பேர் 14 மாதம் செய்த வேலை. முன்னாள் சக ஊழியர்கள் இதே புரொஃபைலைப் பார்ப்பார்கள். இன்டர்வியூவில் "இரட்டைக் கட்டணத்தை எப்படித் தடுத்தீர்கள்?" என்று ஒருவர் கேட்டால், பதிலில் இன்னொருவர் பெயர் வந்தே தீரும். ஆனால் இதற்குப் பயந்து எதிர்ப்பக்கம் ஓடி, "பேமென்ட் மேம்பாட்டில் டீமுக்கு உதவினேன்" என்று எழுதினால் அதுவும் பொய்தான். டிசைனைத் தேர்ந்தெடுத்து எழுதியவர் உதவியாளர் அல்ல.

"வேகத்தை 75% உயர்த்தி" என்பதில் கணக்கே தவறு. 2.4 விநாடி 0.6 ஆனால் காத்திருக்கும் நேரம் 75% குறைந்திருக்கிறது. வேகம் என்று சொன்னால் நான்கு மடங்கு ஆகியிருக்கிறது. இதைக் கவனிக்கும் பொறியாளர் மற்ற எண்களையும் நம்ப மாட்டார். சதவீதம் எழுதும்போதெல்லாம் எதன் சதவீதம், எங்கிருந்து எங்கே என்று எழுதுங்கள்; முடிந்தால் சதவீதத்தை விட்டுவிட்டு இரண்டு எண்களையும் அப்படியே வையுங்கள். இன்னொன்று, சராசரியா, நூறில் 99-வதா என்பதையும் சொல்லுங்கள். சராசரி நேரம் குறைந்தும் கடைசியில் மாட்டிக்கொள்ளும் சிலர் அப்படியே காத்திருக்கக்கூடும் என்பது படிப்பவருக்குத் தெரியும்.

"பெரும் வருவாய்" என்பதற்கு ஆதாரம் இல்லை. எடுத்துவிடுங்கள். அளக்காத ஒன்றை அளந்ததுபோல் எழுதுவதைவிட, அளந்த சிறிய ஒன்றை எழுதுவது உங்களைப் பெரியவராகக் காட்டும்.

"தீராத ஆர்வம்" யார் வேண்டுமானாலும் எழுதலாம், அதனால் அது யாரையும் அடையாளம் காட்டுவதில்லை. அதன் இடத்தில் இப்போது எந்தச் சிக்கலில் மூழ்கியிருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதினால் ஆர்வம் தானாகவே தெரியும்.

கடைசியாக ஒன்று. இந்த வரைவு முழுவதும் "வல்லவர்", "தந்தவர்" என்று படர்க்கையில் போகிறது. மேடையில் வேறொருவர் அறிமுகம் செய்வதுபோல் இருக்கும் இந்த நடை, எழுதியவர் நீங்களே என்பது எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் பொருந்தாது. தன்மையில் எழுதுங்கள்.

வினைச்சொல்லில்தான் விஷயம் இருக்கிறது

மூத்த பொறியாளரின் அறிமுகத்தில் அடைமொழிகளை நீக்கியபின் மீதியிருப்பது வினைச்சொற்கள்தான். இவற்றைத் துல்லியமாகத் தேர்ந்தெடுப்பதில் செலவிடும் நேரம் எதற்கும் வீண்போகாது. "முன்மொழிந்தேன்" என்றால் யோசனை உங்களுடையது. "முடிவெடுத்தேன்" என்றால் மாற்று வழிகளைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்களிடம் இருந்தது. "வடிவமைத்தேன்" என்றால் டிசைன் உங்களுடையது, கோட் எழுதியவர்கள் பலராக இருக்கலாம். "எழுதினேன்" என்றால் கோட் உங்களுடையது. "ரிவியூ செய்தேன்" என்றால் வேறொருவர் செய்ததைச் சரிபார்த்தீர்கள். "நடத்தினேன்" என்றால் ஆட்களும் காலக்கெடுவும் உங்கள் கையில் இருந்தன.

இவற்றில் எது உண்மையோ அதை நேராகப் போடுங்கள். அதற்கு முன்னும் பின்னும் எதையும் ஒட்ட வேண்டாம். "வடிவமைக்கும் வாய்ப்பு கிடைத்தது", "ஓரளவு பங்களித்தேன் என்று நினைக்கிறேன்" போன்றவை பணிவாகத் தெரிந்தாலும் படிப்பவருக்குக் குழப்பத்தையே தருகின்றன: இவர் செய்தாரா இல்லையா?

"நான்", "நாங்கள்" இரண்டையும் கலந்து எழுதுவதில் தவறில்லை. முடிவும் டிசைனும் உங்களுடையது என்றால் "முன்மொழிந்தேன், டிசைனை எழுதினேன்". கட்டி முடித்தது டீம் என்றால் "முடித்தோம்". ஒரே பத்தியில் இந்த இரண்டும் சரியான இடத்தில் வரும்போது, எழுதியவருக்குத் தன் பங்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியும் என்பது படிப்பவருக்குப் புரிகிறது. எல்லாவற்றுக்கும் "நான்" போடுபவர் டீமை மறைக்கிறார். எல்லாவற்றுக்கும் "நாங்கள்" போடுபவர் தன்னையே மறைக்கிறார்; அவரை இன்டர்வியூ செய்பவர் முதல் பத்து நிமிடத்தை "அதில் நீங்கள் செய்தது எது?" என்று கேட்பதிலேயே செலவழிக்க வேண்டியிருக்கும்.

மூத்த நிலைக்கு இன்னொரு வினையும் தேவை: வேண்டாம் என்று சொன்னது. எதைக் கட்டினீர்கள் என்பது ஐந்து ஆண்டு அனுபவக்காரரும் எழுதக்கூடியது. எதைக் கட்டாமல் விட்டீர்கள், ஏன், அதற்கு என்ன விலை கொடுத்தீர்கள் என்பது மூத்தவரால் மட்டுமே எழுத முடிவது. நம் எடுத்துக்காட்டில், முழு அப்ளிகேஷனையும் உடைக்காமல் விட்டதும், பில் மின்னஞ்சல் சில விநாடி தாமதமாகப் போவதை அறிந்தே ஏற்றுக்கொண்டதும் அப்படிப்பட்டவை. குறையைச் சேர்த்துச் சொன்னால் மதிப்புக் குறையும் என்று சிலர் நினைக்கிறார்கள். எந்த மாற்றமும் எதையாவது விலையாகக் கேட்கும் என்று தெரிந்த வாசகருக்கு, அந்த ஒரு வரிதான் மற்ற எல்லா வரிகளையும் நம்ப வைக்கும்.

திருத்திய வடிவம்

இப்போது அந்தப் பொறியாளரின் அறிமுகத்தைத் திரும்ப எழுதிப் பார்ப்போம்:

> பணம் செலுத்தும் சிஸ்டங்களைக் கட்டுகிறேன்: வாடிக்கையாளர் காத்திருக்கக் கூடாது, ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை பணம் போகவும் கூடாது. பேக்கெண்ட் பொறியாளராக 12 ஆண்டு, அதில் கடைசி 7 ஆண்டு பேமென்ட்டில். இப்போது ஆறு பேர் டீமின் டெக் லீட்.
>
> அண்மையில் செய்த பெரிய வேலை, ஆன்லைன் விற்பனைத் தளம் ஒன்றின் கட்டணப் பாதையை மாற்றியது. சரக்குக் கணக்கும் பில்லும் மின்னஞ்சலும் முடியும்வரை வாடிக்கையாளர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழு அப்ளிகேஷனையும் உடைக்காமல் கட்டணப் பாதையை மட்டும் பிரித்தால் போதும் என்று முன்மொழிந்தேன். அதற்கான டிசைனை எழுதினேன். 14 மாதங்களில் டீமாக முடித்தோம். நூறில் 99 கட்டணங்கள் 2.4 விநாடிக்குள் முடிந்த இடத்தில் இப்போது 0.6 விநாடிக்குள் முடிகின்றன. பில் சில விநாடி தாமதமாகப் போகிறது; அதை அறிந்தே ஏற்றுக்கொண்டோம்.
>
> டீமில் புதிதாகச் சேர்ந்த இருவரோடு ஒவ்வொரு டிசைனையும் எழுத்தில் விவாதித்து வந்தேன். இப்போது ரிவியூவை அவர்களே நடத்துகிறார்கள்.
>
> இப்போது யோசித்துக்கொண்டிருப்பது: பணம் திருப்பித் தரும் பாதையில் பிழை வந்தால் ஆள் தலையிடாமல் கணக்கைச் சரிசெய்வது எப்படி என்பது. இதே சிக்கலில் இருப்பவர்கள் எழுதினால் மகிழ்ச்சி.

இதில் ஒரு அடைமொழிகூட அவரைப் புகழவில்லை. ஆனாலும் வரைவில் இருந்த ஒவ்வொரு உரிமைகோரலும், உண்மையாக இருந்த அளவுக்கு, இதில் இருக்கிறது. "சிக்கலான சிஸ்டம்" இடத்தில் சிக்கலே இருக்கிறது. "வழிகாட்டி" இடத்தில் என்ன செய்தார், அதனால் யார் எப்படி மாறினார்கள் என்பது இருக்கிறது. இரட்டைக் கட்டணத் தடுப்பை அவர் தன் சாதனையாகச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். தான் வேலை செய்யும் சிக்கல் என்று மட்டும் முதல் வரியில் சொல்கிறார். அதன் டிசைன் வேறொருவருடையது, ஆகவே இந்த எல்லை சரியானது.

முதல் வாக்கியத்தை இறுதியில் எழுதுவதே எளிது. மீதி எல்லாம் கையில் இருக்கும்போது "நான் மீண்டும் மீண்டும் தீர்க்கும் சிக்கல் எது?" என்ற கேள்விக்கு விடை தானாக வரும். அதை வேலையின் மொழியில் சொல்லுங்கள். பதவிப் பெயர் ஏற்கெனவே மேலே ஹெட்லைனில் இருக்கிறது, அங்கே 220 எழுத்து வரை இடமும் உண்டு. அதையே அபௌட்டின் முதல் வரியில் திரும்பச் சொல்ல வேண்டாம்.

நிறுவன ரகசியம்

பரிவர்த்தனை எண்ணிக்கை, வருவாய், வாடிக்கையாளர் பெயர், வெளியில் அறிவிக்காத புராடக்ட், பாதுகாப்புக் குறைபாடுகள் இவை உங்கள் வேலை ஒப்பந்தத்தின் ரகசியக் காப்புக்குள் வரக்கூடியவை. சந்தேகம் இருந்தால் மேனேஜரிடம் கேட்டுவிடுவது நல்லது. எண்ணை வெளியிட முடியாவிட்டால் விகிதமாக எழுதுங்கள்: "காத்திருக்கும் நேரம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது." அதுவும் முடியாவிட்டால் மாறிய நடைமுறையைச் சொல்லுங்கள்: "முன்பு ஒவ்வொரு ரிலீஸும் இரவில் போனது, இப்போது பகலில் போகிறது." எண் இல்லாமலும் ஒரு வாக்கியம் துல்லியமாக இருக்க முடியும்.

தேடலில் கிடைக்க

ரெக்ரூட்டர்கள் தொழில்நுட்பப் பெயர்களை வைத்துத் தேடுகிறார்கள். அதனால் நீங்கள் உண்மையில் ஆழமாகப் பயன்படுத்தும் ஐந்தாறு பெயர்களை அறிமுகத்தின் இறுதியில் ஒரே வரியில் எழுதுங்கள். புழக்கத்தில் உள்ள முழு எழுத்துக்கோப்பிலேயே எழுதுங்கள். `K8s` என்று மட்டும் எழுதாமல் `Kubernetes` என்றும், `Postgres` என்பதோடு `PostgreSQL` என்றும் வரட்டும். ஒரு முறை தொட்டுப் பார்த்ததையெல்லாம் சேர்த்து முப்பது பெயர்களை அடுக்கினால், படிப்பவருக்கு எதில் ஆழம் என்பது தெரியாமல் போகும். அந்த வரியிலுள்ள எதைப் பற்றியும் இன்டர்வியூவில் அரைமணி நேரம் பேச முடியுமா என்று பாருங்கள். முடியாததை நீக்குங்கள்.

அபௌட் பகுதியில் தடித்த எழுத்து வசதி இல்லை. அதற்காகச் சிலர் வேறு தளங்களில் தடித்த எழுத்துபோல் தோன்றும் குறியீடுகளை உருவாக்கி ஒட்டுகிறார்கள். அவை சாதாரண எழுத்துகளே அல்ல, கணிதக் குறியீடுகள். திரையைப் படித்துக்காட்டும் மென்பொருள்கள் அவற்றைச் சரியாகப் படிப்பதில்லை, அந்தச் சொல் தேடலிலும் சிக்காமல் போகலாம். பத்திகளுக்கு நடுவில் ஒரு வெற்று வரி விட்டாலே படிக்க வசதியாக இருக்கும்.

வெளியிடும் முன் சோதனை

ஒரு நாள் இடைவெளி விட்டு, சத்தமாகப் படியுங்கள். வாய் தயங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நேரில் ஒருவரிடம் சொல்லக் கூசும் வாக்கியம் ஒன்று மிகைப்படுத்தலாக இருக்கும், அல்லது உண்மையான ஆனால் நீங்கள் சொல்லிப் பழகாத சாதனையாக இருக்கும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு: அந்த வாக்கியத்துக்கு ஆதாரமான டாக்குமென்ட்டையோ டேஷ்போர்டையோ உங்களால் சுட்டிக்காட்ட முடியுமா? முடியும் என்றால் கூச்சத்தைப் பொருட்படுத்தாமல் வாக்கியத்தை வைத்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால் நீக்குங்கள்.

அடுத்து, அந்த வேலையில் உங்களோடு இருந்த ஒருவரிடம் காட்டுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "இதில் எந்த வாக்கியத்தை நீங்கள் இப்படி எழுதியிருக்க மாட்டீர்கள்?" என்று கேளுங்கள். மிகையும் குறையும் இரண்டும் அந்தக் கேள்வியில் வெளிவரும். துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடமும் முதல் பத்தியை மட்டும் காட்டி, "இவர் என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்டுப் பாருங்கள். அவரால் ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால் முதல் வரியைத் திரும்ப எழுத வேண்டும்.

பிறகு போனில் திறந்து `see more` எங்கே விழுகிறது என்று பாருங்கள். பாதி வாக்கியத்தில் வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை. ஆனால் வெட்டுக்கு முன்னால் துறையும் அனுபவமும் வந்துவிட்டனவா என்பதைச் சரிபாருங்கள். அறிமுகத்தில் சொன்ன ஆண்டுக் கணக்கு வேலை அனுபவப் பகுதியிலுள்ள தேதிகளோடு ஒத்துப்போகிறதா என்பதையும் ஒரு முறை கூட்டிப் பார்த்துவிடுங்கள். மேலே 12 என்றும் கீழே கூட்டினால் 10 என்றும் வந்தால், காரணம் நியாயமானதாக இருந்தாலும், படிப்பவர் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள மாட்டார்.

ஆண்டுக் கணக்கை எழுதினால் ஆண்டுதோறும் மாற்ற வேண்டியிருக்கும். அது தொல்லையாக இருந்தால் "2018 முதல் பேமென்ட் சிஸ்டங்களில்" என்று தொடங்கிய ஆண்டைக் குறிப்பிடுங்கள். "இப்போது யோசித்துக்கொண்டிருப்பது" என்ற வரி மட்டும் சீக்கிரம் பழசாகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்து, அந்தச் சிக்கல் தீர்ந்திருந்தால் அதை மேலே இரண்டாம் பத்திக்கு நகர்த்தி, அங்கிருந்த பழைய வேலையை அனுபவப் பகுதிக்கு இறக்கிவிடுங்கள்.